ஆறு புள்ளி நான்கு

விளம்பரத்தின் அடியில் இணைப்புகளின் பட்டியல் இருந்தது. சான்றிதழ் நகல்கள், அனுபவச் சான்று, மூன்று ஆண்டு மாணவர் மதிப்பீடுகள், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள். கடைசியாக, "கற்பித்தல் கொள்கை அறிக்கை, இரண்டு பக்கத்துக்கு மிகாமல்." முதல் நான்கையும் அவள் ஒரே மதியத்தில் சேர்த்துவிட்டாள். ஐந்தாவது பத்து நாளாக இழுத்துக்கொண்டிருந்தது.

அவள் அந்தக் கல்லூரியில் ஆறு வருடமாகப் புள்ளியியல் நடத்தும் தற்காலிக விரிவுரையாளர். மாணவர்கள் வைத்த பெயர் சராசரி மேடம். அது தன் காதுக்கு வராததுபோல் நடந்துகொள்வாள். இப்போது துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்திருந்தது. அது நிரம்பியதும் தற்காலிக இடம் ரத்தாகும் என்று சுற்றறிக்கை சொன்னது. ஆக, அந்த நாற்காலியில் அவள் உட்கார வேண்டும், இல்லையென்றால் பருவத் தேர்வு முடிந்ததும் மேசை இழுப்பறையைக் காலி செய்ய வேண்டும். இடையில் வேறு வழி கிடையாது.

தற்காலிக விரிவுரையாளர்களுக்கென்று மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. ஒன்பது பேருக்கு ஆறு நாற்காலி. அங்கே வணிகவியல் நடத்துகிறவருக்குப் பென்டிரைவ் சார் என்று பெயர். யாருக்கு எந்த மாதிரிப் படிவம் வேண்டுமென்றாலும் அவர் சட்டைப்பையில் இருக்கும்.

"அறிக்கையா? நேத்தே கேட்டிருக்கலாமே மேடம்," என்று அவர் ஒரு கோப்பைத் திறந்தார். "போன தடவை எட்டுப் பேர் இதத்தான் கொடுத்தாங்க. துறைப் பேரை மட்டும் மாத்திக்குங்க."

"எட்டுப் பேருக்கும் வேலை கிடைச்சுதா?"

"வேலை வேற விஷயம். அறிக்கையில யாருக்கும் பிரச்சினை வரல."

அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துறைப் பேரை மாற்றினாள். நல்ல காகிதத்தில் அச்செடுத்துக் கணவரிடம் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் முதலில் தூரத்தில் பிடித்து, பிறகு கிட்டத்தில் கொண்டுவந்து படிப்பார்.

"ஒவ்வொரு மாணவரும் ஒரு விதை. ஆசிரியர் அதற்குச் சூரியன்," என்று வாய்விட்டுப் படித்தார். "சூரியன ஆறு வருஷமாவா தற்காலிகமா வெச்சிருக்காங்க?"

"கிண்டல் பண்ணாதீங்க. மேல படிங்க."

"படிச்சுட்டேன். மாணவர் மையம், முழுமையான ஆளுமை, இருபத்தியோராம் நூற்றாண்டுத் திறன். சரி. இதுல நீ எங்க இருக்க?"

"மேல பேர் இருக்கே."

"பேர எடுத்துட்டு என் பேரப் போட்டாலும் இது சரியாத்தான் இருக்கும். நான் கண்ணாடி விக்கிறவன்." அவர் தாளை மடித்து அவளிடமே தந்தார். "கடைக்கு வர்றவங்ககிட்ட 'பார்வை எப்படி இருக்கு'ன்னு நான் கேக்கறதில்ல. 'இந்த வரியப் படிங்க'ன்னுதான் சொல்றேன். நீ வகுப்புல செஞ்சது ஒண்ணு சொல்லு. ஒண்ணே ஒண்ணு."

யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அவளிடம் அப்படி ஒன்று இருந்தது. திருமண வீடுகளில்கூட அதைச் சொல்லியிருக்கிறாள்.

மாதிரி எடுப்பு பற்றிய பாடம் அது. ஒரு பெரிய தட்டில் எண்பது உறிஞ்சுகுழல் துண்டுகள் இருக்கும். பெரும்பாலானவை குட்டை, சில நெட்டை, ஒவ்வொன்றிலும் ஓர் எண். மாணவர்கள் எட்டுக் குழுவாகப் பிரிந்து, தட்டைப் பார்த்து, "எல்லாவற்றுக்கும் பிரதிநிதி" என்று தோன்றும் பத்தைக் கண்ணாலேயே தேர்ந்து, அளந்து, சராசரி எடுக்க வேண்டும். உண்மையான சராசரி ஆறு புள்ளி நான்கு சென்டிமீட்டர். கண்ணால் எடுத்தால் எட்டை ஒட்டித்தான் வரும், ஏனென்றால் நீளமான துண்டுதான் கண்ணில் படும். பிறகு சமவாய்ப்பு எண் அட்டவணையை வைத்துப் பத்து எடுப்பார்கள். அப்போது விடை சில தடவை கூடும், சில தடவை குறையும், மொத்தத்தில் உண்மையைச் சுற்றியே நிற்கும். கண்ணுக்கு ஓரவஞ்சனை உண்டு என்பதைக் கையே சொல்லிவிடும்.

முதல் வருடம் காலைப் பிரிவு எதிர்பார்த்தபடி ஏமாந்தது. மதியப் பிரிவுக்கு அதே பாடத்தைத் தொடங்குமுன் அவள் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னாள்: "எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், உங்க கண்ணு எதைத் தேடுதுன்னு கவனிங்க." அவ்வளவுதான். மதியப் பிரிவின் எட்டுக் குழுக்களும் கண்ணாலேயே எடுத்து, ஆறு புள்ளி மூன்று, ஆறு புள்ளி நான்கு, ஆறு புள்ளி ஐந்து என்று சொல்லின. அடுத்த வருடமும் அதே. ஆறு வருடமும் அதே. காலையில் எட்டு, மதியம் ஆறு புள்ளி நான்கு. நடுவில் அவளுடைய ஒரு வாக்கியம்.

"இத எழுது," என்றார் கணவர். "இது கண்ணுக்குத் தெரியுது."

அவள் எழுதினாள். 'சரியான நேரத்தில் சொல்லப்படும் ஒரு வாக்கியம்' என்பது இரண்டு பக்கத்துக்கும் முதுகெலும்பாக நின்றது. எழுதி முடித்ததும் தன் கண்ணே கொஞ்சம் கலங்கியதை அவள் கணவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அலுவலகக் கவுண்டருக்குப் போனாள். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். விண்ணப்பங்களை வாங்கி இணைப்புகளைச் சரிபார்க்கும் எழுத்தர் அவளுடைய பழைய மாணவி, முதல் வருடத்து மதியப் பிரிவு. அப்போது காலையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டு, வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக்கூடியவள் என்று பேர் வாங்கியிருந்தாள்.

"கொடுக்கறதுக்கு முன்னாடி ஒருமுறை பாத்துடும்மா. ஏதாவது விட்டுப்போச்சுன்னா திருப்பி அனுப்பிடுவாங்களாமே."

"பக்கம் ரெண்டு, சரி. ஓரம் விட்டிருக்கீங்க, சரி. மாணவர் பேர் எதுவும் போடலையே? போன தடவை ஒருத்தர் தோத்த பையன் பேர முழுசா எழுதிட்டார்." எழுத்தர் விரலை வரிக்கு வரி ஓட்டிக்கொண்டு வந்தாள். இரண்டாவது பத்தியில் விரல் நின்றது. அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"என்னம்மா, எழுத்துப் பிழையா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் ஏன் சிரிக்கிற?"

"சிரிக்கல மேடம்." அவள் தோள் குலுங்கியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மேடம், நீங்க நிஜமாவே இத்தன வருஷமா அந்த வாக்கியம்தான்னு நினைச்சிட்டிருந்தீங்களா?"

"வேற என்ன?"

"என் ரூம்மேட் காலைப் பிரிவு மேடம். பகல் சாப்பாட்டு நேரத்துல சொன்னா. குழல் பாடம், விடை ஆறு புள்ளி நாலுன்னு. நாங்க எல்லாரும் அப்படியே சொன்னா சந்தேகம் வரும்னு, மூணாவது மேசை ஆறு புள்ளி மூணு, அஞ்சாவது மேசை ஆறு புள்ளி அஞ்சுன்னு பிரிச்சுக்கிட்டோம்."

கவுண்டருக்கு அந்தப் பக்கம் அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது. சராசரி மேடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷமும்?"

"நாங்கதான் மதியப் பிரிவு ஜூனியருக்கு மட்டும் சொல்லிட்டுப் போனோம். இப்ப உள்ளவங்களுக்கும் தெரியும்னு நினைக்கிறேன்."

"ஒருத்தராவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னுதான் இருந்தோம். ஆனா உங்க முகம் அவ்வளவு சந்தோஷமா இருந்துது மேடம். கெடுக்க மனசு வரல."

அவள் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் வந்து உட்கார்ந்தாள். அவமானத்தைவிட வேறொன்றுதான் அதிகம் உறுத்தியது. தன் தொழில் என்ன? எண்களைச் சந்தேகப்படுவது. எட்டுக் குழு, ஆளுக்குப் பத்துத் துண்டு, எல்லாருடைய சராசரியும் ஒரு மில்லிமீட்டர் இப்படி, ஒரு மில்லிமீட்டர் அப்படி. வேறு யாராவது இப்படி ஒரு தரவைக் கொண்டுவந்திருந்தால் முதல் கேள்வியே "யாருப்பா இத உக்காந்து எழுதினது" என்பதாகத்தான் இருந்திருக்கும். தன்னைப் புகழ்ந்த எண் என்பதால் கேட்கவில்லை.

பென்டிரைவ் சார் எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், திருப்பிட்டாங்களா? நான் அப்பவே சொன்னேன், விதையும் சூரியனும்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

இந்த வருடத்துக் குழல் பாடம் பாடத்திட்டப்படி புதன்கிழமை இருந்தது. செவ்வாய் மாலை அவளும் கணவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இன்னொரு எண்பது துண்டு வெட்டினார்கள். அவர் லென்ஸ் அளக்கும் அளவுகோலை எடுத்துவந்து ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்தார். புதிய தட்டின் சராசரி நான்கு புள்ளி ஒன்பது.

"இது பழி வாங்கறதா, பாடமா?" என்று கேட்டார்.

"தெரியல. புதன்கிழமை சொல்றேன்."

புதன் காலைப் பிரிவுக்குப் பழைய தட்டு. ஏழு புள்ளி ஐந்து, எட்டு புள்ளி ஆறு, ஏழு புள்ளி ஒன்பது, ஒன்பது புள்ளி இரண்டு என்று ஏறியும் இறங்கியும் வந்தது. வழக்கம்போல் ஏமாந்தார்கள், வழக்கம்போல் கோபித்துக்கொண்டார்கள். மதியப் பிரிவுக்குப் புதிய தட்டு. அந்த வாக்கியத்தையும் விடாமல் சொன்னாள்: "உங்க கண்ணு எதைத் தேடுதுன்னு கவனிங்க." எல்லாரும் பக்தியோடு தலையாட்டினார்கள். பத்து நிமிடம் தட்டைச் சுற்றி நல்ல நடிப்பு நடந்தது. ஒருவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழலை வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தான்.

"முதல் மேசை?"

"ஆறு புள்ளி நாலு மேடம்."

"ரெண்டு?"

"ஆறு புள்ளி மூணு."

எட்டு எண்களையும் அவள் பலகையில் எழுதினாள். முகத்தை மாறாமல் வைத்துக்கொள்வதுதான் சிரமமாக இருந்தது.

"ரொம்ப நல்லது. இந்தத் தடவை ஒரு புது வேலை. மேசைக்குப் பத்துத் துண்டுன்னு பிரிச்சு, தட்டுல உள்ள எண்பதையும் அளந்துடலாம்."

அளந்தார்கள். கூட்டுத்தொகையை முன்வரிசைக்காரி கணிப்பானில் தட்டினாள். தட்டிவிட்டு மறுபடி தட்டினாள். மூன்றாவது தடவையும் நான்கு புள்ளி ஒன்பதுதான் வந்தது. கடைசி வரிசையில் எப்போதும் தொப்பி வைத்திருக்கும் ஒருவன், தொப்பிக்காரன் என்றே பேர், கையைத் தூக்கினான்.

"மேடம், மழைக்குக் குழல் சுருங்குமா?"

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் மேசையில் முகத்தைப் புதைத்தாள். பிறகு அடக்க ஆளில்லை. சராசரி மேடமும் சிரித்துவிட்டாள்.

"யார் சொன்னதுன்னு கேக்கப்போறதில்ல," என்றாள் சிரிப்பு ஓய்ந்ததும். "ஆறு வருஷமா சொல்லிக்கிட்டுதான் வர்றீங்கன்னு திங்கட்கிழமைதான் தெரிஞ்சுது. என் கேள்வி வேற. நான் முட்டாள் ஆகாம இருந்திருக்கணும்னா, இந்தப் பலகையில எதைப் பாத்திருக்கணும்? புதுத் தட்டு இல்லாமலே."

காலைப் பிரிவின் எட்டு எண்களையும் பக்கத்தில் எழுதிவிட்டு ஒதுங்கி நின்றாள். எல்லார் கண்ணும் இரண்டு வரிசைக்கும் இடையே அலைந்தது. பிறகு முன்வரிசைக்காரி மெதுவாக ஆரம்பித்தாள்.

"காலைல உள்ளவங்களுக்கு ஒருத்தருக்கும் ஒருத்தருக்கும் ஒட்டவே இல்ல. எங்களுக்கு எல்லாம் ஒட்டியிருக்கு."

"ஒட்டினா நல்லதுதானே?" என்றாள் சராசரி மேடம்.

"நல்லது இல்ல மேடம்," என்றான் தொப்பிக்காரன். "பத்தே பத்து எடுத்து எட்டுப் பேருக்கும் இவ்வளவு ஒத்துமையா வராது. எங்க வீட்ல நாலு பேர் இருக்கோம், சாப்பாட்டுல உப்பு எப்படின்னு கேட்டா நாலு பதில் வரும். எல்லாரும் ஒரே பதில் சொன்னா, அம்மா பின்னாடி நிக்கறாங்கன்னு அர்த்தம்."

மாதிரிகளுக்கு இடையே சிதறல் இருந்தே தீரும் என்பதை அவள் ஆறு வருடமாக ஒரு சூத்திரமாகப் பலகையில் எழுதிவந்திருக்கிறாள். அவர்கள் குறிப்பேட்டில் எழுதிவந்திருக்கிறார்கள். அன்றைக்கு மீதியிருந்த இருபது நிமிடமும் அட்டவணையை வைத்து உண்மையாகவே பத்துப் பத்தாக எடுத்து, எவ்வளவு சிதறுகிறது என்று சண்டை போட்டார்கள். மணி அடித்ததை ஒருவரும் கவனிக்கவில்லை என்று எழுத ஆசைதான். மணி அடித்ததும் பாதிப்பேர் பேருந்துக்கு ஓடினார்கள். மீதிப்பேர் நின்றார்கள்.

வியாழக்கிழமை அவள் அறிக்கையை முதலிலிருந்து எழுதினாள். ஆறு வருடம் ஏமாந்ததை முதல் பத்தியில் வைத்தாள். அவளுடைய மதிப்பெண் நோட்டில் கேள்விவாரியாகக் கணக்கு இருந்தது. எடுத்துப் பார்த்தால், பருவத் தேர்வில் மாதிரி எடுப்புக் கேள்விக்கு வருடாவருடம் காலைப் பிரிவின் சராசரி பத்துக்கு ஏழை ஒட்டியும், மதியப் பிரிவுடையது நான்கை ஒட்டியும் இருந்தது. அதையும் எழுதினாள். பிறகு புதன்கிழமை நடந்தது, உப்பு உவமை உட்பட. இனி இரண்டு தட்டு வைப்பேன், வகுப்பில் சரியான விடை சீக்கிரம் வந்தால் வந்த வழியைக் கேட்பேன், என் வாக்கியம் வேலை செய்கிறதா என்பது எனக்கு இன்னும் தெரியாது. இவ்வளவுதான் கொள்கை. ஒன்றேமுக்கால் பக்கம்.

கணவர் தூரத்தில் பிடித்துப் படித்தார், கிட்டத்தில் பிடித்துப் படித்தார்.

"இது தெளிவா, முந்தினது தெளிவா?" என்று அவளே அவருடைய கடைக்குரலில் கேட்டாள்.

"இதுதான். ஆனா முந்தினதுல நீ அழகா இருந்த."

"வேலை போயிடுமோ?"

"போனா கடைக்கு வா. கண்ணுக்கு ஓரவஞ்சனைன்னு வர்றவங்ககிட்ட சொல்லு, வியாபாரம் படுத்துடும்."

வெள்ளிக்கிழமை எழுத்தர் அதை வாங்கி முழுவதும் படித்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "மூணாவது மேசை நான்தான் மேடம்," என்று மட்டும் சொல்லி முத்திரை குத்தினாள்.

மூன்று வாரம் கழித்து நேர்காணல். நீள மேசைக்கு அந்தப் பக்கம் முதல்வர், துறைத்தலைவர் அம்மையார், இயற்பியல் பேராசிரியர். மூவர் முன்னாலும் அறிக்கையின் நகல் இருந்தது. முதல்வர் கையிலிருந்ததில் ஓரமெல்லாம் பென்சில் கோடு.

"இருபத்தாறு அறிக்கை படிச்சேன்," என்றார் முதல்வர். "அதுல பதினொண்ணுல ஆசிரியர் சூரியன். உங்களோடதுல ஆசிரியர் ஏமாந்தவர். வேலை கேட்டு வர்ற இடத்துல இத ஏன் எழுதினீங்க?"

"ஆறு வருஷத்துல நான் கத்துக்கிட்டத எழுதச் சொன்னீங்க சார். உறுதியாத் தெரிஞ்சது இதுதான்."

துறைத்தலைவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "காலைப் பிரிவுக்கு ஏழு, மதியத்துக்கு நாலு. பிள்ளைங்கள குலுக்கிப் போட்டா ரெண்டு பிரிவா பிரிச்சோம்?"

"இல்ல மேடம். அவங்களே விருப்பம் எழுதிக் கொடுக்கறாங்க. வேலைக்குப் போற பிள்ளைங்க அதிகமா மதியம் வர்றாங்க. படிக்க நேரம் கம்மி. வித்தியாசம் அதனாலயும் இருக்கலாம். அதனாலதான் 'கவனித்தேன்'னு எழுதினேன், 'காரணம்'னு எழுதல."

"அப்ப எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"இந்த வருஷம் மதியப் பிரிவுக்குப் புதுத் தட்டோட விடை கசியல. தேர்வு அடுத்த மாசம். இடைவெளி குறையுதான்னு பாக்கணும். ஒரு வருஷம் போதாது, ஆனா ஆரம்பம்."

"தேர்வு முடிஞ்சப்புறம் நீங்க இங்க இருந்தாத்தானே?" என்றார் முதல்வர். கிண்டலாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னார்.

"நான் இல்லேன்னாலும் விடைத்தாள் இங்கதான் சார் இருக்கும். யார் வந்தாலும் எண்ணிப் பாக்கலாம். நோட்ட விட்டுட்டுப் போறேன்."

இயற்பியல் பேராசிரியர் அதுவரை ஒன்றும் கேட்கவில்லை. அறிக்கையின் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். துறைத்தலைவர் அவர் பக்கம் திரும்பினார். "உங்க கேள்வி சார்?"

"கேள்வி இல்ல," என்றார். பிறகு அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு, "எங்க ஆய்வகத்துல தனி ஊசல் சோதனை. புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கறது. எல்லாக் குழுவுக்கும் புத்தகத்துல உள்ள ஒன்பது புள்ளி எட்டு வந்துடும். சிலருக்கு ஒன்பது புள்ளி எட்டு ஒண்ணுகூட வரும். கவனமா செய்யற பிள்ளைங்கன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லுவேன்."

"எத்தன வருஷமா?" என்றார் துறைத்தலைவர்.

"இருபத்தி ரெண்டு."

முதல்வர் பென்சிலைக் கீழே வைத்தார். துறைத்தலைவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோளும் அன்றைக்குக் கவுண்டரில் எழுத்தரின் தோள் குலுங்கியதுபோலவே குலுங்கியது.

ஆணை பத்தாவது நாள் வந்தது. எழுத்தர் அதைக் கவுண்டர் வழியாகத் தராமல் மாடிப்படி வரை நடந்துவந்து கொடுத்தாள். அறையில் இருந்த எட்டுப் பேரும் எழுந்து கைகொடுத்தார்கள். நாற்காலியில்லாத மூவர், காலியாகப் போகும் நாற்காலியையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். அவள் இழுப்பறையைக் காலி செய்தாள். எப்படியும் காலி செய்ய வேண்டியதுதான், மேலே கொண்டுபோகத்தான் இந்தத் தடவை.

பென்டிரைவ் சார் வாசலில் காத்திருந்தார். வணிகவியலுக்கும் ஓர் இடம் வரப்போவதாகப் பேச்சு.

"மேடம், உங்க அறிக்கை ஒரு நகல் கிடைக்குமா? சும்மா மாதிரி பாக்கத்தான்."

அவள் கொடுத்தாள். மறுக்க மனசு வரவில்லை. மறுநாள் தேநீர் நேரத்தில் அவர் இரண்டு தாளோடு மாடிக்கே வந்துவிட்டார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"முடிச்சுட்டேன் மேடம். அப்படியே எடுத்தா தெரிஞ்சுடும்னு குழலத் தூக்கிட்டுத் தீக்குச்சி போட்டுட்டேன்."

"தீக்குச்சி எல்லாம் ஒரே நீளமாச்சே சார்."

அவர் அதை யோசித்திருக்கவில்லை. ஆனாலும் தளரவில்லை.

"சரி, சராசரி எவ்வளவுன்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"ஆறு புள்ளி நாலு."